அடுத்த வார ரோஸ்டர்: படமாக அனுப்புவதா, வாக்கெடுப்பாக அனுப்புவதா, எழுதி அனுப்புவதா?

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்துகளில் இருக்கும் பல உணவகங்களில் ரோஸ்டர் ஒரே மாதிரிதான் போகிறது. மேனேஜர் எக்செல்லில் அடுத்த வாரத்தைப் போடுவார், ஸ்கிரீன்ஷாட் எடுப்பார், வாட்ஸ்அப் குழுவில் விடுவார். கீழே "எல்லாரும் பாத்துக்குங்க" என்று ஒரு வரி இருக்கும். நாலைந்து பேர் கட்டைவிரல் போடுவார்கள். மற்றவர்கள் பார்த்தார்களா இல்லையா என்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் தோசைக்கல் பக்கம் ஆள் இல்லாதபோதுதான் தெரியவரும்.

வேலைக்கு வராதவரைக் கேட்டால், "வழக்கமா ஞாயிறு எனக்கு ஆஃப்தானே?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. படத்தைத் திறந்தும் பார்த்திருப்பார். 14 வரிசையும் 7 நாளும் கொண்ட கட்டத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியிருப்பார். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கும் வேலையை நாம் அவர் தலையில் போட்டுவிட்டோம். அதுவும் இரவு 11 மணிக்குக் கடையைக் கழுவி முடித்த மனிதரின் தலையில்.

ஆகவே ரோஸ்டர் செய்தி இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். யாருக்கு என்ன மாறியது என்பதைத் தேடாமலே காட்ட வேண்டும். மாற்றம் யாருடையதோ அவர் அதைப் புரிந்துகொண்டார் என்பது நமக்குத் தெரிய வேண்டும். புழக்கத்தில் உள்ள வழிகளை இந்த இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மேனேஜரைத் தவிர 14 பேர். சமையலறையில் ஆறு பேர், பரிமாற ஐந்து பேர், கேஷியர் இரண்டு பேர், பாத்திரம் கழுவ ஒருவர். பெரும்பாலானவர்களுக்கு பிரேக் ஷிப்ட்: காலை 10.30 முதல் 3 வரை, பிறகு மாலை 5.30 முதல் இரவு 10.30 வரை. ஒருவர் ஜோகூர் பாருவில் இருந்து தினமும் வந்து போகிறவர். இரண்டு பேர் பகுதிநேரம். வாரம், ஜூன் 15 திங்கள் முதல் 21 ஞாயிறு வரை. அந்த ஞாயிறு தந்தையர் தினம். மதியத்துக்கு 40 பேர் கொண்ட ஒரு முன்பதிவு வந்திருக்கிறது. அந்த வாரம் மூன்று மாற்றங்கள். தோசை மாஸ்டர் முருகனின் ஞாயிறு ஆஃப் செவ்வாய்க்குப் போகிறது. ஜோகூரில் இருந்து வரும் லோகா வெள்ளிக்கிழமை மாலைக்குப் பதில் காலையில் வர வேண்டும். கேஷியர் சித்ராவும் பகுதிநேரமாக வரும் ஃபரீதாவும் சனிக்கிழமை நேரத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள்.

முதலில் படம். அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறுக்க முடியாது. வாரம் முழுதும் ஒரே பார்வையில் தெரியும். தன்னோடு யார் வேலை செய்கிறார்கள், இரவு மூடுவது யார் என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம். அறையில் சேர்ந்து தங்கும் ஆட்களுக்கு இது முக்கியம். ஆனால் மாற்றத்தைக் காட்ட படத்துக்குத் தெரிந்த ஒரே வழி நிறம். மேனேஜர் முருகனின் ஞாயிற்றுக் கட்டத்தில் மஞ்சள் அடிப்பார். அவர் மனதில் மஞ்சள் என்றால் மாற்றம். பார்ப்பவருக்கோ அது ஆஃப் நாளின் நிறமாகவும் இருக்கலாம், கூட்டம் அதிகமான நாள் என்ற குறியாகவும் இருக்கலாம். அதைவிட முக்கியம், கட்டத்தில் புதியது மட்டும்தான் இருக்கிறது, பழையது இல்லை. எதில் இருந்து எதற்கு மாறியது என்று தெரியாமல் ஒரு மாற்றத்தை மாற்றமாக யாரும் உணர மாட்டார்கள்.

படத்தின் அடுத்த சிக்கல் புதன்கிழமை தொடங்கும். ஒருவர் எம்சி எடுக்கிறார், ரோஸ்டர் திருத்தப்படுகிறது, இரண்டாவது படம் குழுவுக்கு வருகிறது. இப்போது எல்லார் போனிலும் இரண்டு படங்கள் இருக்கின்றன. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேலரியில் மேலே எது கிடக்கிறதோ அதை நம்பி ஆள் கிளம்பி வருவார். படத்தைத்தான் அனுப்புவது என்று முடிவெடுத்தவர்கள், குறைந்தபட்சம் படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் "பதிப்பு 2, புதன் மாலை 4" என்று போடுங்கள். படத்துக்குக் கீழே எழுதுவது போதாது. படத்தை மட்டும் யாராவது பகிர்ந்தால் அந்த வரி கூட வராது.

கூகுள் ஷீட் இணைப்பு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும், எப்போது திறந்தாலும் கடைசி நிலவரம்தான் இருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது சத்தமில்லாமல் மாறும். வியாழன் அன்று பார்த்தவருக்கு, சனிக்கிழமை மாறியதைச் சொல்ல யாரும் இல்லை. மேனேஜர்களுக்குள் திட்டமிட அது நல்ல கருவி. ஊழியர்களுக்குச் செய்தி சொல்ல அது ஒத்துவராது என்பது என் தீர்மானமான கருத்து.

ரோஸ்டர் செயலிகள் இருக்கின்றன. மூன்று நான்கு கிளைகள் வைத்து ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பும் நிறுவனங்களுக்கு அவை தேவைதான். ஒரே கடை, 14 பேர் என்றால், எல்லாரையும் புதிதாக ஒரு செயலியை இறக்கிப் பழக வைப்பதற்குள் பாதிப் பேர் "குழுவில போடுங்க, அதுல பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு இடத்தில் ரோஸ்டர் இருப்பது ஒரு இடத்தில் இருப்பதைவிட மோசம்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது பல மேனேஜர்கள் இதை விரும்பிச் செய்கிறார்கள். ரோஸ்டர் படத்தைப் போட்டுவிட்டு, கீழே "பார்த்துவிட்டேன்" என்று ஒரு விருப்பம், "எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது" என்று இன்னொன்று. எத்தனை பேர் தட்டினார்கள், யார் யார் தட்டினார்கள் என்று உடனே தெரியும். ஒரே தட்டு என்பதால் எல்லாரும் செய்துவிடுவார்கள். தமிழ் எழுத வராதவரும் ஆங்கிலம் எழுதத் தயங்குகிறவரும் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தட்டு எதைச் சொல்கிறது? செய்தி வந்தது என்று சொல்கிறது. முருகன் "பார்த்துவிட்டேன்" என்பதைத் தட்டும்போது அவர் மனதில் இருப்பது செவ்வாய் 16 ஆஃபா, வழக்கமான ஞாயிறு ஆஃபா என்று நமக்குத் தெரியாது. 14 வாக்கு விழுந்த திருப்தியில் மேனேஜர் அந்த ஞாயிறைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடுவார். அதுதான் ஆபத்து. அப்புறம், போட்ட வாக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். யார் இன்னும் வாக்களிக்கவில்லை என்று பட்டியலும் வராது. தட்டியவர்களின் பெயர்களைப் பார்த்து, விட்டுப்போனவர்களை நாமே கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ரோஸ்டர் திருத்தப்பட்டால் பழைய வாக்குகள் பழைய ரோஸ்டருக்கே நிற்கும்.

நீல டிக்கை நம்புகிறவர்களும் உண்டு. குழுவில் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவலைப் பார்த்தால் யார் படித்தார்கள் என்ற பட்டியல் வரும். படித்ததைக் காட்டாமல் இருக்கும் வசதியை ஒருவர் போட்டு வைத்திருந்தாலும் குழுச் செய்திகளுக்கு அது செல்லாது. ஆகவே பட்டியல் ஓரளவு நம்பகமானது. ஆனால் அவர் குழுவைத் திறந்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஒருவர் பட்டியலில் இல்லை என்றால் அது பயனுள்ள செய்தி: அவருக்கு உடனே போன் போடுங்கள். இருக்கிறார் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நான் சிபாரிசு செய்வது எழுத்துச் செய்தியை. வார ரோஸ்டர் படம் கூடவே போகலாம், அது துணைக்கு. செய்தியின் தலையில் மாற்றங்கள் மட்டும் இருக்கட்டும். மாற்றம் உள்ளவர் தன் புதிய நாளையும் நேரத்தையும் தானே திருப்பிச் சொல்லட்டும். மாற்றம் இல்லாதவர்களுக்குக் கட்டைவிரல் போதும். நம் கடைக்கு அது இப்படி இருக்கும்:

```
*ரோஸ்டர்: ஜூன் 15 திங்கள் – 21 ஞாயிறு (பதிப்பு 1)*

*மாற்றம் 4 பேருக்கு. மற்ற 10 பேருக்கும் முன்பே சொன்ன நேரம்.*

1. @முருகன் மாஸ்டர்
பழையது: ~ஞாயிறு 21 ஆஃப்~
புதியது: *செவ்வாய் 16 ஆஃப்*
*ஞாயிறு 21 வேலை: காலை 10.30–3, மாலை 5.30–10.30*
கடை கேட்டது. புதன் 10 பேசி, சம்மதம்.

2. @லோகா
பழையது: ~வெள்ளி 19 மாலை 4 – இரவு 11~
புதியது: *வெள்ளி 19 காலை 11 – மாலை 6*
கடை கேட்டது. புதன் 10 பேசி, சம்மதம்.

3. @சித்ரா
பழையது: ~சனி 20 மாலை 3 – இரவு 11~
புதியது: *சனி 20 காலை 10 – மாலை 6*
சித்ரா கேட்டது.

4. @ஃபரீதா
பழையது: ~சனி 20 காலை 10 – மாலை 6~
புதியது: *சனி 20 மாலை 3 – இரவு 11*
சித்ராவுக்காக மாற்றம், ஃபரீதா சம்மதம்.

இந்த 4 பேரும் *வெள்ளி 12 மாலை 5 மணிக்குள்*
உங்கள் புதிய நாள், தேதி, நேரத்தை நீங்களே
எழுதி அனுப்புங்கள். குரல் பதிவும் சரி.
மற்றவர்கள் இதற்குக் கட்டைவிரல் போடுங்கள்.
சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.
```

அனுப்பியது ஜூன் 11 வியாழன், மதியம் 3.15 மணிக்கு. நேரம் வேண்டுமென்றே தேர்ந்தது. மதியக் கூட்டம் முடிந்து, பிரேக்கில் எல்லாரும் போனை கையில் எடுக்கும் நேரம் அது. சமையலறை ஆட்களின் போன் வேலை நேரத்தில் லாக்கரில் இருக்கும். இரவு மூடிய பிறகு அனுப்பினால் அரைத் தூக்கத்தில் படிப்பார்கள். கெடு வெள்ளி மாலை 5 மணி, அதாவது இரவுக் கூட்டம் தொடங்கும் முன். பதில் வராதவரை அரை மணி நேரத்துக்குள் நேரில் பிடித்துவிடலாம்.

சின்ன விஷயங்கள்போலத் தெரிபவற்றுக்கும் காரணம் இருக்கிறது. ~ குறி போட்டால் வாட்ஸ்அப்பில் எழுத்தின் மேல் கோடு விழும், * போட்டால் தடித்து வரும். ஆனால் கோட்டை மட்டும் நம்பாமல் "பழையது", "புதியது" என்று எழுத்திலும் சொல்லியிருக்கிறது. யாராவது அந்த வரியைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டாலோ, அறைத் தோழருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாலோ கோடு காணாமல் போய்விடும். அப்போது பழைய நேரமே சரியான நேரமாக நின்றுவிடும். கிழமையும் தேதியும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. "நாளை", "வர்ற வெள்ளி" என்ற பேச்சே இல்லை. வியாழக்கிழமை படிப்பவருக்கு "வர்ற வெள்ளி" என்பது மறுநாளாகவும் இருக்கலாம், அடுத்த வாரமாகவும் இருக்கலாம். பெயருக்கு முன் @ போட்டு அவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் பெயர் குறிக்கப்பட்டதாக அவருக்கு அறிவிப்பு போகும். நாள் முழுதும் அரட்டை ஓடும் குழுவில் இது பெரிய உதவி.

இனி திருப்பிச் சொல்வது. "சரி" என்று எழுதினால் போதாதா, எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்பார்கள். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அன்று மாலை வந்த பதில்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். லோகா: "வெள்ளி 19 காலை 11 டு 6". சித்ரா: "சனி 20, 10–6 காலை". ஃபரீதா ஆங்கில எழுத்தில் அதையே அனுப்புகிறார். முருகன் மாஸ்டர் குரல் பதிவு: "தம்பி, செவ்வாய் இருபத்திமூணு ஆஃப், ஞாயிறு இருபத்தொண்ணு வேலை, சரியா?"

செவ்வாய் 23. ஒரு வாரம் தள்ளிப் புரிந்துகொண்டிருக்கிறார். அவர் கணக்கில் அதில் பிழையும் இல்லை. ஞாயிறு வேலை செய்தால் அடுத்து வரும் செவ்வாயில்தானே ஆஃப் கிடைக்கும்? வாக்கெடுப்பில் இது ஒரு தட்டாகப் போயிருக்கும். செவ்வாய் 16 அன்று அவர் காலையில் வேலைக்கு வந்து நின்றிருப்பார், 23 அன்று வராமல் இருந்திருப்பார், ஒரே தவறுக்கு இரண்டு நாள் குழப்பம். இப்போது மேனேஜர் அந்தக் குரல் பதிவுக்கே பதிலாக, "மாஸ்டர், ஆஃப் செவ்வாய் 16. இந்த வாரமே, ஞாயிறுக்கு முன்னாடி" என்று அனுப்புகிறார். மாஸ்டர் "ஓ, பதினாறு. சரி தம்பி, செவ்வாய் பதினாறு" என்கிறார். விஷயம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது.

குரல் பதிவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். பல மாஸ்டர்களுக்குப் போனில் தட்டெழுதுவது தொல்லை. எழுதத்தான் வேண்டும் என்றால் அவர்கள் அடுத்தவர் கையில் போனைக் கொடுத்து "நீயே போட்டுடு" என்பார்கள். அப்படி வரும் பதில் அவர் புரிந்துகொண்டதைக் காட்டாது. தமிழ் தெரியாத ஊழியர் இருந்தால் அவருடைய மாற்றத்தை மட்டும் அவருக்குத் தெரிந்த மொழியில் தனியாக எழுதுங்கள். 14 பேருக்காக மூன்று மொழியில் நீட்டினால் மாற்றம் மறுபடி கூட்டத்தில் தொலையும்.

கெடுவுக்குள் பதில் வராதவர் விஷயத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். பதில் இல்லை என்பதற்கு "தெரியும், வருவார்" என்றும் அர்த்தமில்லை, "வர மாட்டார்" என்றும் அர்த்தமில்லை. இன்னும் சொல்லி முடியவில்லை என்றுதான் அர்த்தம். போன் போட வேண்டும் அல்லது நேரில் கேட்க வேண்டும், அவர் வாயால் நாளும் நேரமும் வர வேண்டும். பிறகு மேனேஜரே குழுவில் எழுதிவிடலாம்: "லோகா, வெள்ளி 19 காலை 11, இன்று 5.20க்குப் போனில் உறுதி." குழுவில் பெயரைப் போட்டு "இன்னும் பதில் இல்லை" என்று திட்டுவதால் அடுத்த வாரம் பதில் வேகமாக வராது, அவர் குழுவின் அறிவிப்பை நிறுத்தி வைப்பார்.

செய்தியில் "கடை கேட்டது", "சித்ரா கேட்டது" என்று ஒரு வரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மரியாதைக்காக மட்டும் அதை வைக்கவில்லை. சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் பகுதி 4 பொருந்துகிறவர்களுக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. ஞாயிறு அல்லாத நாள்களில் ஓய்வு கொடுக்கும் கடை, அந்த மாதத்து ஓய்வு நாள்களை மாதம் தொடங்கும் முன்பே ரோஸ்டர் போட்டுச் சொல்ல வேண்டும். ஓய்வு நாளில் வேலை செய்யும்படி, விதிவிலக்கான சூழல்களைத் தவிர, கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் ஓய்வு நாளில் தன் வழக்கமான வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தால், முதலாளி கேட்டுச் செய்திருந்தால் இரண்டு நாள் சம்பளம், தானே கேட்டுச் செய்திருந்தால் ஒரு நாள் சம்பளம். யார் கேட்டது என்பதில் ஒரு நாள் சம்பளம் இருக்கிறது. மாதக் கடைசியில் நினைவை வைத்து இதை முடிவுசெய்வது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

இதில் இருந்து இன்னொன்று வருகிறது. திருப்பிச் சொல்வது வேறு, சம்மதிப்பது வேறு. இரண்டையும் ஒரே செய்தியில் வாங்கப் பார்க்கக் கூடாது. முருகனின் ஞாயிறு ஆஃப் ஜூன் தொடங்கும் முன்பே அவருக்குச் சொல்லப்பட்டது. அன்று அவர் கோயிலுக்குப் போவதாக யாரிடமோ சொல்லியிருக்கலாம், ஊரில் இருக்கும் பிள்ளைகளிடம் வீடியோவில் பேசும் நாளாக இருக்கலாம். அதைக் குழுவில் மாற்றிப் போட்டுவிட்டு "உறுதி செய்யுங்கள்" என்றால், 13 பேர் பார்க்க அவர் மறுக்க முடியாது. அதனால்தான் புதன்கிழமையே தனியாகப் போய், "மாஸ்டர், 21 ஞாயிறு தந்தையர் தினம், மதியம் 40 பேர் வர்றாங்க. அன்னைக்கு நீங்க இருந்து, அதுக்குப் பதிலா 16 செவ்வாய் ஆஃப் எடுத்துக்க முடியுமா?" என்று கேட்பது. முடியாது என்றால் ரோஸ்டரை வேறு மாதிரி போட வேண்டும். குழுவுக்குப் போகும்போது விஷயம் முடிவாகி இருக்க வேண்டும். அங்கே நடப்பது புரிதலைச் சரிபார்ப்பது மட்டுமே.

ஆஃப் நாளை நகர்த்தும்போது அடுத்த ஆஃப் எப்போது என்றும் பாருங்கள். முருகனுக்கு 16 செவ்வாய்க்குப் பிறகு வழக்கப்படி 28 ஞாயிறுதான் ஆஃப் என்றால் நடுவில் 11 நாள் தொடர் வேலை. இரண்டு ஓய்வு நாள்களுக்கு இடையில் 12 நாள் வரை போகலாம் என்பதால் விதியை மீறவில்லை. ஆனால் அனல் முன்னால் 11 நாள் நிற்பவர் எப்படி இருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த வார ஆஃபை 24 புதனுக்கு மாற்ற முடியுமா என்று அதே பேச்சிலேயே கேட்டுவிடுவது நல்லது. செவ்வாய் 23 என்று அவர் காதில் விழுந்ததற்கு அந்த அடுத்த வாரக் கவலையே காரணமாக இருந்திருக்கலாம்.

எல்லா மாற்றமும் ஒரே எடை கொண்டதல்ல. நேரம் முன்னால் வருவதைத் தவறவிட்டால் கடை தவிக்கும். லோகாவுக்கு மாலை 4 என்பது காலை 11 ஆகும்போது, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எந்தக் கூட்டத்தோடு நிற்கிறார் என்பதே மாறிவிடும். வீட்டில் இருந்து கிளம்பும் நேரத்தை அவர் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். நேரம் பின்னால் போவதைத் தவறவிட்டால் ஆள் சீக்கிரம் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். முடியும் நேரம் தள்ளிப் போனால் கடைசி எம்ஆர்டி கிடைக்குமா என்பது கேள்வி. ஆகவே ஒரு வாரத்தில் மாற்றங்கள் பல இருந்தால் ஆஃப் மாற்றம் முதலில், முன்கூட்டி வரும் நேரம் அடுத்து, மற்றவை பிறகு என்று வரிசைப்படுத்துங்கள்.

இந்த முறை எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மாற்றம்" என்ற சொல்லுக்கு அடியில் மாறாத ஒன்று இருக்க வேண்டும். நம் கடையில் 12 பேருக்கு வழக்கமான நேரமும் முன்பே சொல்லப்பட்ட ஆஃப் நாளும் இருக்கின்றன. அதில் இருந்து விலகுவதுதான் மாற்றம். பகுதிநேரப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாரமும் புது நேரம் என்றால் அவர்களுக்கு எல்லாமே மாற்றம்தான். அவர்களுடைய வார நேரம் முழுவதையும் தனித்தனியாக அனுப்பி, முழுவதையும் திருப்பிச் சொல்ல வைப்பதே சரி. ஃபரீதாவின் சனிக்கிழமை முன்பே அப்படி உறுதியாகி இருந்ததால்தான் மேலே உள்ள பட்டியலில் அவருக்கு ஒரு "பழையது" இருக்கிறது. வாரா வாரம் பாதிப் பேருக்கு மேல் பட்டியலில் வருகிறார்கள் என்றால் செய்தியை எப்படி எழுதுவது என்று யோசிப்பதைவிட, ரோஸ்டரையே முன்கூட்டிப் போட வழி பாருங்கள்.

காரணத்தை எழுதும்போது ஒரு எல்லை உண்டு. "ராஜா எம்சி, அதனால் குமார் வருகிறார்" என்று குழுவில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. ராஜாவின் உடம்பைப் பற்றிப் பிறருக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை. "குமார், புதன் 17, ராஜாவுக்குப் பதில்" என்றால் போதும்.

வெளியிட்ட பிறகு மறுபடி ஏதாவது மாறினால் பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். வாட்ஸ்அப் 15 நிமிடம்வரை திருத்த விடும். ஆனால் ஏற்கெனவே படித்தவருக்குப் புதிய செய்தி வந்ததுபோல் போன் ஒலிக்காது, ஏற்கெனவே வந்த பதில்கள் எந்த வாசகத்துக்கு வந்தவை என்பதும் குழம்பிவிடும். புதிய செய்தி அனுப்புங்கள், அதில் புதிதாக மாறியது மட்டும் இருக்கட்டும்:

```
*ரோஸ்டர்: ஜூன் 15 – 21 (பதிப்பு 2)*
பதிப்பு 1 அப்படியே. ஒரே ஒரு மாற்றம்:

@குமார்
பழையது: ~புதன் 17 ஆஃப்~
புதியது: *புதன் 17 வேலை: மாலை 5.30–10.30*
*வியாழன் 18 ஆஃப்*
கடை கேட்டது. இன்று பேசி, சம்மதம்.

குமார் மட்டும் இன்று இரவு 9க்குள் திருப்பிச் சொன்னால் போதும்.
```

மற்ற 13 பேரிடம் மறுபடி கட்டைவிரல் கேட்க வேண்டாம். தேவையில்லாமல் கேட்கக் கேட்க அந்தக் கட்டைவிரலின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். பழைய ரோஸ்டர் படத்தை எல்லாருக்குமாக அழிக்க வாட்ஸ்அப் இன்னும் விட்டால் அழித்துவிட்டு, புதிய படத்தைப் போட்டு, பதிப்பு 1, பதிப்பு 2 இரண்டு எழுத்துச் செய்திகளும் குழுவின் மேலே 7 நாள் நிற்கும்படி pin செய்யுங்கள். அதற்குள் தன் போனில் பழைய படத்தைச் சேமித்தவர் இருப்பார். மாற்றம் இருக்கும் குமாரிடம் மட்டும் பழைய படத்தை அழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, ரோஸ்டர் குழுவில் தானாக மறையும் செய்திகள் என்ற வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் நிறுத்துங்கள். வேலை நேரமும் கூடுதல் நேரமும் அடங்கிய ஊழியர் பதிவுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு உண்டு. வாட்ஸ்அப் செய்தி அந்தப் பதிவேட்டுக்கு மாற்று அல்ல. ஆனால் "அந்த ஞாயிறு யார் கேட்டு வந்தேன்" என்ற கேள்வி சம்பள நாளன்று எழும்போது, முருகன் மாஸ்டரின் அந்தக் குரல் பதிவும் அதற்கு மேலே இருக்கும் "கடை கேட்டது" என்ற வரியும்தான் அவருக்கும் மேனேஜருக்கும் கைகொடுக்கும். மாதம் முடிந்ததும் குழு உரையாடலை ஏற்றுமதி செய்து, குரல் பதிவுகளையும் சேர்த்து, அந்த மாதச் சம்பளக் கோப்பில் போட்டு வையுங்கள்.